ரூ.3,800 பாக்கி

போன அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. கோவையில் நூற்பாலை இயந்திரங்களைப் பராமரித்துக் கொடுக்கும் ஒரு பட்டறையின் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். மாதத்தில் இரண்டு நாள் அங்கே போய்க் கணக்குப் புத்தகங்களைச் சரிபார்த்துக் கொடுப்பது என் வேலை. அங்கே கணக்கு எழுதும் பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது. வேலையில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. "அக்கா, இந்த மெயிலை ஒரு தடவை பார்த்துக் கொடுத்துடுங்க, ஸ்பெல்லிங் எதாச்சும் தப்பா இருக்கும்ங்க" என்று திரையை என் பக்கம் திருப்பினார்.

ஒரு ஆலையிலிருந்து பணம் வந்திருந்தது. அதைப் பெற்றுக்கொண்டோம் என்று தெரிவிக்கும் மெயில். உள்ளூர் ஆலைகளுக்கு அவர்கள் தமிழிலேயே எழுதுவார்கள். அவர் எழுதியிருந்தது இது:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தாங்கள் 07/10/2025 அன்று அனுப்பிய ரூ.2,02,400 கிடைக்கப்பெற்றோம். மிக்க நன்றி. இத்தொகை பில் எண் 118 (ரூ.1,77,000), பில் எண் 131 (ரூ.47,200) ஆகியவற்றுக்கு வரவு வைக்கப்பட்டுள்ளது. மீதி ரூ.3,800 நிலுவையில் உள்ளது. விரைவில் அனுப்பி வைக்கவும்."

எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஒற்று மிகும் இடத்தில் மிகுந்திருந்தது, மரியாதையும் குறையவில்லை. ஆனால் அந்த ஐந்து வரியில் பணத்தைப் பற்றிச் சொன்ன மூன்று விஷயங்கள் தவறாக இருந்தன. தொகை தவறு, தேதி தவறு, பாக்கி என்று சொன்னது பாக்கியே இல்லை.

இப்படி ஒரு மெயிலைப் புரூஃப் பார்ப்பது, கதையையோ கட்டுரையையோ புரூஃப் பார்ப்பது போன்றதல்ல. கட்டுரையில் பிழை இருந்தால் படிக்கும்போதே கண்ணில் இடறும். தவறான எண் இடறாது. 2,02,400 என்பதும் சரியான எண்தான், 7-ஆம் தேதியும் நாள்காட்டியில் இருக்கும் தேதிதான். மெயிலை மட்டும் எத்தனை முறை படித்தாலும் அது சரியாகவே தோன்றும். அதனால் நான் மெயிலைப் படிப்பதற்கு முன்னால் வேறு நான்கு தாள்களைக் கேட்பேன்: வங்கி ஸ்டேட்மெண்ட், பணம் கட்டியவர் அனுப்பிய விவரத் தாள், இரண்டு பில்களின் நகல், அந்த வாடிக்கையாளரின் லெட்ஜர். மெயிலில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் இந்த நான்கில் ஏதோ ஒன்றிலிருந்து வந்திருக்க வேண்டும். எதிலிருந்தும் வராத எண் மெயிலில் இருக்கக் கூடாது.

ஆனால் அன்றைக்குத் தாள்கள் வருவதற்கு முன்பே, மெயில் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிட்டது. இரண்டு பில்களையும் கூட்டினால் 1,77,000 + 47,200 = 2,24,200. வந்த பணம் என்று சொன்ன 2,02,400-உடன் பாக்கி என்று சொன்ன 3,800-ஐக் கூட்டினால் 2,06,200. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லை. வித்தியாசம் 18,000.

இந்த 18,000-ஐப் பார்த்ததும் கால்குலேட்டரில் ஒன்பதால் வகுத்தேன். மிச்சமில்லாமல் 2,000 வந்தது. பக்கத்து பக்கத்து இலக்கங்கள் இடம் மாறிப்போனால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் மிச்சமில்லாமல் வகுபடும். 52-ஐ 25 என்று எழுதினால் வித்தியாசம் 27. 91-ஐ 19 என்று எழுதினால் 72. பத்தாம் இடத்தில் இருந்த எண் ஒன்றாம் இடத்துக்கு வரும்போது அதன் மதிப்பில் பத்தில் ஒன்பது பங்கு குறைகிறது. அங்கிருந்து மேலே போகும் எண் அதே கணக்கில் கூடுகிறது. இரண்டும் ஒன்பதின் மடங்குகள், அதனால் வித்தியாசமும் ஒன்பதின் மடங்குதான். பழைய கணக்கர்கள் ஐந்தொகை சரிவராத இரவுகளில் முதலில் பார்ப்பது இதைத்தான். ஒரு பூஜ்ஜியம் விடுபட்டாலும் இதே அடையாளம் கிடைக்கும்: 46,400-க்குப் பதில் 4,640 என்று விழுந்தால் வித்தியாசம் 41,760, அதுவும் ஒன்பதால் வகுபடும். ஆக, ஒன்பதால் வகுபட்டால் விரல் செய்த தவறாக இருக்கலாம் என்று சந்தேகிக்கலாம், அவ்வளவுதான். உறுதி செய்ய ஸ்டேட்மெண்ட் வேண்டும். ஒன்பதால் வகுபடாவிட்டால் இலக்கம் இடம் மாறியதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. ஏதோ ஒரு தொகை முழுதாக விட்டுப்போயிருக்கும், அல்லது இரண்டு முறை ஏறியிருக்கும்.

ஸ்டேட்மெண்ட்டைத் திறந்தோம். வரவு 2,20,400. டேலியில் அவர் போட்டிருந்த ரசீதிலும் 2,20,400 என்று சரியாகவே இருந்தது. மெயில் எழுதும்போது மட்டும் ஞாபகத்தில் இருந்ததைத் தட்டச்சு செய்திருக்கிறார், இரண்டும் பூஜ்ஜியமும் இடம் மாறிவிட்டன.

இந்த வகைத் தவறைப் பிடிக்கக் கண்ணைவிடக் காது நல்லது. 2,20,400, 2,02,400 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் களைத்த கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: இரண்டு லட்சத்து இருபதாயிரத்து நானூறு, இரண்டு லட்சத்து இரண்டாயிரத்து நானூறு. எந்தக் காதும் இதை ஒன்று என்று எடுத்துக்கொள்ளாது. அச்சகங்களில் ஒருவர் மூலப் பிரதியை உரக்கப் படிக்க, இன்னொருவர் அச்சுப் படியில் கண்ணை ஓட்டுவார். அதே முறைதான் இங்கும். ஸ்டேட்மெண்ட்டைப் பார்த்து அவர் உரக்கப் படித்தார், நான் மெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இருபதாயிரத்து" என்றதும் அவரே நிறுத்திவிட்டார்.

எண்ணுக்குப் பக்கத்தில் தொகையை எழுத்திலும் எழுதும் வழக்கத்துக்கும் இதுதான் பயன். காசோலையில் எண்ணும் எழுத்தும் மாறுபட்டால் எழுத்தில் உள்ளதே தொகை என்று 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் சொல்கிறது. மெயிலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனாலும் எழுத்தில் எழுதும்போது அந்த எண்ணை இரண்டாவது முறை, வேறு பாதையில் யோசிக்க வேண்டியிருக்கிறது. தமிழில் எழுதும்போது ஒரு இடத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும்: தொண்ணூறு, தொள்ளாயிரம், ஒன்பதாயிரம். தொள்ளாயிரம் என்பதற்குள் ஆயிரம் என்ற ஒலி இருப்பதால் 900-ஐ எழுத வேண்டிய இடத்தில் 9,000 என்று நினைத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அதிலும் ஆங்கில வழியில் படித்து வந்த பிள்ளைகளிடம்.

அடுத்தது அந்த 3,800. என்னைக் கேட்டால் மெயிலில் இருந்த மூன்று தவறுகளில் பெரியது இதுதான். தொகையில் இலக்கம் மாறியிருந்தால் வாடிக்கையாளர் போன் பண்ணித் திருத்திவிடுவார். தராத பணத்தைத் தராதது போலவும், தந்த பணத்தைத் தராதது போலவும் ஒருவரிடம் பாக்கி கேட்பது வேறு. அது மனசில் தங்கும்.

ஆலை பணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. வருமான வரிக்காகப் பிடித்து, அரசாங்கத்தில் இந்தப் பட்டறையின் பெயரில் கட்டியிருக்கிறது. பட்டறை செய்தது ஒப்பந்த வேலை. பட்டறை ஒரு கூட்டாண்மை நிறுவனம், அதனால் பிடித்தம் இரண்டு சதவீதம். தனிநபர் நடத்தும் பட்டறையாக இருந்தால் ஒரு சதவீதம். கணக்கு இப்படிப் போகிறது. பில் எண் 118-இல் வேலைக்கான கூலி 1,50,000. அதன்மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், அதாவது 27,000. மொத்தம் 1,77,000. பிடித்தத்தைக் கணக்கிடுவது மொத்தத்தின் மீது அல்ல. பில்லில் ஜிஎஸ்டி தனியாகக் காட்டப்பட்டிருந்தால் அதை விட்டுவிட்டுக் கூலியின் மீது மட்டும். 1,50,000-இல் இரண்டு சதவீதம் 3,000. வங்கிக்கு வந்தது 1,74,000. பில் எண் 131-இல் கூலி 40,000, ஜிஎஸ்டி 7,200, மொத்தம் 47,200. பிடித்தம் 800, வந்தது 46,400. இரண்டு வரவையும் கூட்டினால் 2,20,400, இரண்டு பிடித்தத்தையும் கூட்டினால் 3,800. இவை இரண்டும் சேர்ந்து 2,24,200, பில்களின் மொத்தம்.

ஆலை அனுப்பிய விவரத் தாளில் இந்தக் கணக்கு முழுவதும் இருந்தது. அது முந்தின நாளே அவருடைய இன்பாக்ஸில் வந்து கிடந்தது. "பேங்க்ல வந்தது இவ்வளவுதானேங்க அக்கா, லெட்ஜர்லயும் மூவாயிரத்து எண்ணூறு நிக்குதுங்க" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. லெட்ஜரில் ஆலையின் பெயரில் 3,800 பற்றாக நின்றுகொண்டுதான் இருந்தது. ஏனென்றால் வரவு வந்ததை மட்டும் எழுதியிருந்தார். பிடித்தத்துக்கான ஜர்னல் பதிவைப் போடவில்லை. வரவேண்டிய டிடிஎஸ் கணக்கில் 3,800 பற்று, ஆலையின் கணக்கில் 3,800 வரவு என்று ஒரு பதிவு போட்டதும் லெட்ஜரில் அந்த இரண்டு பில்களும் பூஜ்ஜியமாகிவிட்டன.

முதல் தவறு விரலில் பிறந்தது. மெயிலைத் திருத்தினால் போதும். இது புத்தகத்தில் பிறந்தது. மெயிலில் மட்டும் அந்த வரியை அழித்துவிட்டு அனுப்பியிருந்தால், மாதக் கடைசியில் பாக்கிப் பட்டியல் எடுக்கும்போது அதே 3,800 மறுபடி எழுந்து நின்றிருக்கும், வேறு யாராவது ஆலைக்கு நினைவூட்டல் அனுப்பியிருப்பார்கள். அதனால்தான் புரூஃப் பார்க்கும்போது தவறைக் கண்டதும் திருத்துவதில்லை. அது எங்கிருந்து வந்தது என்று பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, அங்கே திருத்திவிட்டு, பிறகு மெயிலுக்கு வருகிறேன்.

டேலியில் ரசீது போடும்போது இன்னொரு இடத்தையும் பார்க்க வேண்டும். வந்த பணத்தை எந்த பில்லுக்கு எதிராக வைக்கிறோம் என்று அது கேட்கும். `Agst Ref` என்று கொடுத்து பில் எண்ணைத் தேர்ந்தெடுத்தால் அந்த பில் தீரும். அவசரத்தில் `On Account` என்று கொடுத்துவிட்டால் பணம் ஆலையின் கணக்கில் பொதுவாக நிற்கும், எந்த பில்லும் தீராது. அப்போது மெயிலில் "பில் 118-க்கு வரவு வைத்தோம்" என்று எழுதுவது புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்வதாகும். அன்றைக்கு அதைச் சரியாகவே வைத்திருந்தார்.

இனி தேதி. "7-ஆம் தேதின்னு எங்கிருந்துங்க எடுத்தீங்க?" என்று கேட்டேன். டேலியைக் காட்டினார். ரசீது `7-Oct-25` என்றுதான் இருந்தது. வங்கி ஸ்டேட்மெண்ட்டில் 6-ஆம் தேதி, திங்கட்கிழமை. நடந்தது என்னவென்றால், செவ்வாய்க்கிழமை காலையில் அன்றைய பதிவுகள் சிலவற்றைப் போட்டிருக்கிறார். பிறகு ஸ்டேட்மெண்ட்டைப் பார்த்து இந்த வரவைப் போடும்போது, `F2` அழுத்தித் தேதியை முந்தின நாளுக்கு மாற்ற மறந்துவிட்டார். டேலி கடைசியாகப் போட்ட தேதியிலேயே நிற்கும், தானாக மாறாது. ஆக, இதுவும் புத்தகத்தில் பிறந்த தவறு.

தேதியை உறுதி செய்ய இன்னொரு சாட்சியும் கையில் இருந்தது. இரண்டு லட்சமும் அதற்கு மேலும் ஆர்டிஜிஎஸ் மூலம் அனுப்பலாம், இந்தப் பணமும் அப்படித்தான் வந்திருந்தது. ஆர்டிஜிஎஸ் பரிமாற்றத்துக்குக் கிடைக்கும் யுடிஆர் எண்ணில் 22 எழுத்துகளும் இலக்கங்களும் இருக்கும். முதல் நான்கும் பணம் அனுப்பிய வங்கியைக் குறிக்கும். அதன் பிறகு ஒரு `R`, எந்த வழியில் அனுப்பப்பட்டது என்பதற்கு ஒரு குறி, அதை அடுத்து வரும் எட்டு இலக்கங்கள் ஆண்டு, மாதம், நாள். இந்த எண்ணின் நடுவில் `20251006` என்று தெளிவாக இருந்தது. அவர் அதுவரை அந்த எண்ணை ஒரு நீளமான குழப்பம் என்று மட்டும் நினைத்திருந்தார். "இதுக்குள்ளயே தேதி இருக்குங்களா!" என்று இரண்டு மூன்று பழைய பரிமாற்றங்களை எடுத்துப் பார்த்துக்கொண்டார். நெஃப்ட் பரிமாற்றத்தின் எண் வேறு, அது 16 எழுத்து. அதில் இதே அமைப்பை எதிர்பார்க்கக் கூடாது. எதுவானாலும் அந்த எண்ணைத் தட்டச்சு செய்யாமல் ஸ்டேட்மெண்ட்டிலிருந்து நகல் எடுத்து ஒட்டுவதே நல்லது. பூஜ்ஜியமும் ஓ என்ற ஆங்கில எழுத்தும் மாறிவிட்டால் வங்கியில் தேடினாலும் கிடைக்காது.

ஒரு நாள்தானே, அதனால் என்ன என்று கேட்கலாம். இந்த பில்லில் அந்த ஒரு நாள் பெரிய நாள். பில் எண் 118-இன் தேதி 22 ஆகஸ்ட் 2025. வேலையை ஆலை ஏற்றுக்கொண்டதும் அன்றுதான். ஆகஸ்டில் மீதி 9 நாள், செப்டம்பரில் 30, அக்டோபரில் 6. மொத்தம் 45 நாள். பட்டறை சிறு நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டது. அப்படிப்பட்டவர்களிடம் வேலை வாங்கினால், எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்துவிட வேண்டும் என்று குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டியாக. ஆலையின் கணக்குப் பிரிவு நாள் எண்ணி, நாற்பத்தைந்தாவது நாளில் பணத்தை அனுப்பியிருக்கிறது. நம் மெயில் அதை நாற்பத்தாறாவது நாளாக ஆக்கப் பார்த்தது. சொன்ன தேதிக்குள் பணம் தந்தவரைத் தாமதக்காரர் ஆக்கும் ஒரு தாள், நம் கையெழுத்தோடு அவர்களுடைய ஆடிட்டர் கோப்பில் போய் உட்கார்ந்திருக்கும்.

அவர் எழுதிய சொல்லையும் கவனிக்க வேண்டும். "07/10/2025 அன்று அனுப்பிய" என்றார். அவர்கள் எப்போது அனுப்பினார்கள் என்பது நமக்கு நேரடியாகத் தெரியாது. நம் கணக்கில் எப்போது வரவானது என்பதுதான் தெரியும். ஆர்டிஜிஎஸ்ஸில் இரண்டும் பெரும்பாலும் ஒரே நாளாக இருந்துவிடும். நெஃப்ட்டில் அரை மணிக்கு ஒரு தொகுதியாகப் பணம் நகர்கிறது, 2019 டிசம்பரிலிருந்து இரவு பகல், விடுமுறை என்ற பேதமில்லாமல். இரவு பதினொன்றே முக்காலுக்கு மேல் அனுப்பியவருக்கு அன்றைய தேதியும், வாங்கியவருக்கு மறுநாள் தேதியும் விழ வாய்ப்பு உண்டு. அதனால் நாம் பொறுப்பேற்று எழுதக்கூடிய வாக்கியம் "இன்ன தேதியில் எங்கள் கணக்கில் வரவாகியுள்ளது" என்பதுதான்.

07/10/2025 என்று எழுதுவதையே நான் விட்டுவிடச் சொல்கிறேன். நமக்கு அது அக்டோபர் 7. அமெரிக்க முறையில் அமைக்கப்பட்ட கணினிக்கு அது ஜூலை 10. எக்ஸெல் கோப்பில் இது நடப்பதைக் கண்கூடாகப் பார்க்கலாம். நாள் 12 அல்லது அதற்குக் கீழே இருந்தால் எக்ஸெல் சத்தமில்லாமல் அதை மாதமாக எடுத்துக்கொள்ளும். 12-க்கு மேல் போனால் பதின்மூன்றாவது மாதம் கிடையாதே, அதனால் அதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஒரே பத்தியில் சில தேதிகள் கட்டத்தின் வலது ஓரத்திலும் சில இடது ஓரத்திலும் ஒட்டிக்கொண்டிருந்தால், யாரும் தனியாக அமைப்பை மாற்றாத பட்சத்தில், இதுதான் காரணம். இடது பக்கம் நிற்பவை தப்பித்தவை; வலது பக்கம் ஒழுங்காக நிற்பவைதான் நாளும் மாதமும் மாறிப்போனவை. மாதத்தைப் பெயரால் எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை: 6 அக்டோபர் 2025. கிழமையையும் சேர்த்தால் இன்னொரு காவல். தேதியும் கிழமையும் ஒத்துப்போகாவிட்டால் படிப்பவர் உடனே கேட்டுவிடுவார்.

காசோலை என்றால் தேதி இன்னும் சிக்கல். அதில் மூன்று நாள் இருக்கிறது: தாளில் எழுதிய நாள், நம் கைக்கு வந்த நாள், கணக்கில் பணம் ஏறிய நாள். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வேலைக்கு வந்த இரண்டாவது வருடம், மார்ச் 31-ஆம் தேதி ஒரு வாடிக்கையாளர் 85,000 ரூபாய்க்குக் காசோலை கொடுத்தார். ஆண்டுக் கடைசி, எல்லாக் கணக்கையும் முடித்துவிடும் உற்சாகத்தில், "தாங்கள் செலுத்திய ரூ.85,000 இன்று பெற்றுக்கொண்டோம், தங்கள் கணக்கில் பாக்கி ஏதுமில்லை" என்று அன்றே எழுதி அனுப்பிவிட்டேன். ஏப்ரல் முதல் வாரத்தில் காசோலை பணமில்லை என்று திரும்பி வந்தது. போய்க் கேட்டபோது அவர்களுடைய ஆள் என் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். பணத்தை வாங்கிவிட எங்கள் முதலாளிக்கு அதன்பிறகு ஐந்து மாதம் ஆனது. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்தக் கடிதத்தின் நகலை மட்டும் கோப்பிலிருந்து எடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். காசோலை கைக்கு வந்தால் "ரூ.85,000-க்கான காசோலை கிடைத்தது, பணம் கணக்கில் ஏறியதும் வரவு வைக்கப்படும்" என்பதுதான் உண்மை. காசோலைகள் இப்போது முன்பைவிட வேகமாகப் பணமாகின்றன. ஆனாலும் காசோலை கிடைத்ததும் பணம் கிடைத்ததும் ஒன்றல்ல.

அந்தப் பழைய கடிதத்தில் "தங்கள் கணக்கில் பாக்கி ஏதுமில்லை" என்ற வரியும் கூடாத வரிதான். அன்று மாலையும் இதே ஆசை வந்தது. 3,800 போய்விட்டதும் அந்தப் பெண், "அப்போ 'தங்கள் கணக்கு முழுவதும் தீர்ந்தது'ன்னு போட்டுடட்டுங்களா?" என்று கேட்டார். லெட்ஜரைக் கீழே தள்ளச் சொன்னேன். அதற்குப் பிறகு போட்ட பில் ஒன்று, இன்னும் தவணை வராதது, அங்கே இருந்தது. நாம் சரிபார்த்தது இரண்டு பில்களை. அந்த இரண்டைப் பற்றி மட்டும்தான் பேச நமக்கு உரிமை இருக்கிறது. டிடிஎஸ் விஷயத்திலும் அப்படியே. ஆலை பிடித்திருக்கிறது என்று அவர்களுடைய தாள் சொல்கிறது. அதை நம் பெயரில் அரசாங்கத்தில் கட்டிவிட்டார்களா என்பது படிவம் 26ஏஎஸ்ஸில் வந்த பிறகுதான் தெரியும். அதனால் "தாங்கள் பிடித்ததாகத் தெரிவித்துள்ள" என்று எழுதினோம். ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டுக்கான சான்றிதழ், படிவம் 16ஏ, நவம்பர் நடுவில் வரவேண்டும். அதை இப்போதே கேட்டு வைப்பது பின்னால் அலைவதைக் குறைக்கும்.

புத்தகத்தில் ஜர்னலைப் போட்டு, ரசீதின் தேதியை மாற்றிவிட்டு, மெயிலை முதலிலிருந்து எழுதினோம். பொருள் வரியிலேயே பில் எண்கள், தொகை, தேதி மூன்றையும் வைத்தோம். ஆறு மாதம் கழித்துத் தேடுகிறவர் அதைத்தான் தட்டச்சு செய்து தேடுவார்.

"பொருள்: பில் எண் 118, 131 – ரூ.2,20,400 வரவு – 6 அக்டோபர் 2025

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தாங்கள் ஆர்டிஜிஎஸ் மூலம் அனுப்பிய ரூ.2,20,400 (ரூபாய் இரண்டு லட்சத்து இருபதாயிரத்து நானூறு மட்டும்) 6 அக்டோபர் 2025, திங்கட்கிழமை அன்று எங்கள் வங்கிக் கணக்கில் வரவாகியுள்ளது. யுடிஆர் எண் கீழே தரப்பட்டுள்ளது.

பில் எண் 118, 22 ஆகஸ்ட் 2025: பில் தொகை ரூ.1,77,000, டிடிஎஸ் ரூ.3,000, வரவு ரூ.1,74,000.
பில் எண் 131, 15 செப்டம்பர் 2025: பில் தொகை ரூ.47,200, டிடிஎஸ் ரூ.800, வரவு ரூ.46,400.

தாங்கள் பிடித்ததாகத் தெரிவித்துள்ள டிடிஎஸ் ரூ.3,800-ஐயும் சேர்த்து, மேற்கண்ட இரண்டு பில்களிலும் பாக்கி இல்லை. படிவம் 16ஏ கிடைத்ததும் அனுப்பி உதவ வேண்டுகிறோம். உரிய காலத்தில் பணம் அனுப்பியமைக்கு நன்றி."

எழுதி முடித்ததும் மறுபடி ஒரு சுற்று. இந்த முறை அவர் மெயிலைப் படித்தார், நான் தாள்களைப் பார்த்தேன். ஒவ்வொரு எண்ணும் ஒத்துப்போனதும் அந்தத் தாளில் பென்சிலால் ஒரு டிக். மெயிலில் இருந்த எல்லா எண்களுக்கும் தாளில் டிக் விழுந்தது. விழாமல் போனது ஒன்று மட்டும்: பெறுநர் முகவரி. இரண்டு எழுத்தைத் தட்டியதும் தானாக நிரம்பும் பெட்டியில், பெயர் ஒரே மாதிரி தொடங்கும் இன்னொரு ஆலையின் முகவரி வந்து நின்றிருந்தது. ஒரு வாடிக்கையாளரின் வரவு விவரத்தை அவருடைய போட்டியாளருக்கு அனுப்பியிருப்போம். அதை மாற்றினோம். அதனால்தான் முகவரியை நான் கடைசியில், அனுப்பும் பொத்தானில் கையை வைக்கும் முன் பார்க்கச் சொல்வேன்.

மணி ஆறே முக்காலுக்கு மெயில் போனது. அதற்கு எடுத்துக்கொண்டது நாற்பது நிமிடம். அதில் முப்பது நிமிடம் புத்தகத்தைத் திருத்தியது.

மறுநாள் காலை ஆலையின் கணக்குப் பிரிவிலிருந்து பதில் வந்திருந்தது. பில் எண் 131-இன் தேதி தங்கள் புத்தகத்தில் 16 செப்டம்பர் என்று இருப்பதாகவும், எது சரி என்று பார்த்துச் சொல்லும்படியும் கேட்டிருந்தார்கள். பில் நகலை எடுத்துப் பார்த்தோம், 15-தான். நகலை இணைத்து அனுப்பினார் அந்தப் பெண். பில் தங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த தேதியை பில் தேதியாக ஏற்றிவிட்டதாகவும், திருத்திவிட்டதாகவும் மதியத்துக்குள் பதில் வந்தது.